கேடயம் வாங்கிய பிறகு இரண்டு நிமிடம்

உலகெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்கள் ஜனவரியைத் தொழிற்சேவை மாதமாகக் கடைப்பிடிக்கின்றன. தமிழ்நாட்டில் மே 5 வணிகர் தினம். இந்த இரண்டையும் ஒட்டி, சிற்றூர்களின் கல்யாண மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு விருது கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தையற்கடை, பேக்கரி, செக்கு எண்ணெய்க் கடை, நாற்றுப் பண்ணை என்று விருது வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேடை ஏறிப் பழக்கமில்லாதவர்கள். பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்து, படம் எடுத்த பிறகு, ஒலிவாங்கியை நீட்டி “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்பார்கள். அழைப்பிதழில் இதற்கு ஏற்புரை என்று பெயர் போட்டிருக்கும்.

ஏற்புரைக்கு முன்னால் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்திருக்கும். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா ஏழுக்குத் தொடங்கியிருக்கும். விருந்து தயாராகி, கடைசி வரிசையில் இருப்பவர்கள் எழுந்து போக ஆரம்பித்திருப்பார்கள். அந்த நேரத்தில் கேட்பவர்களிடம் மிச்சமிருக்கும் பொறுமை இரண்டு நிமிடம்தான். ஆஸ்கர் மேடையில் கொடுப்பது அதைவிடக் குறைவு, 45 விநாடிதான். 1943-ல் சிறந்த நடிகை விருது வாங்கிய கிரீர் கார்சன் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதை இன்றைக்கும் நினைவுகூர்கிறார்கள். என்ன பேசினார் என்பதற்காக அல்ல, எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்காக.

இரண்டு நிமிடத்தில் எவ்வளவு பேச முடியும்? தமிழில் ஒரு சொல்லுக்குள் வேற்றுமையும் காலமும் மரியாதையும் ஒட்டிக்கொண்டு சொல் நீண்டுவிடும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் தாண்டாது. கைதட்டலுக்கும் மூச்சுக்கும் கொஞ்சம் இடம் விட்டால், இரண்டு நிமிட உரை என்பது நூற்றைம்பது சொல். பள்ளி நோட்டில் ஒரு பக்கம்கூட முழுதாக நிரம்பாது. இந்த அளவை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது பாதி தீர்ந்துவிடும்.

நம் மேடைகளில் இந்த நூற்றைம்பதில் பாதியை விளியே தின்றுவிடுகிறது. “மாண்புமிகு தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே” என்று பத்துப் பேரை அழைத்து முடிக்கும்போது ஒரு நிமிடம் போயிருக்கும். இத்தனைக்கும் முன்னால் பேசிய ஐந்து பேரும் இதே பெயர்களை இதே வரிசையில் அழைத்திருப்பார்கள். ஒரு பெயரை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வருமே என்ற பயம்தான் இதற்குக் காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் யாரையுமே பெயர் சொல்லாமல் “எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினால் விடுபட்டவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். மண்டபம் கொடுத்தவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் நன்றி சொல்ல நிகழ்ச்சியின் கடைசியில் செயலாளரின் நன்றியுரை இருக்கிறது. அந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம். விருது கொடுத்த சங்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

மிச்சமுள்ள நேரத்தில் இரண்டு கூட்டத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்று கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள். இன்னொன்று, கடையைத் தங்கள் போனில் மட்டுமே பார்க்கும் ஃபாலோயர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் உள்ளூர் மேடைகளில் இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஊரடங்கில் கடைக்கு ஆள் வராத காலம் அது. போனைக் கையில் எடுத்த பல சின்ன வியாபாரிகளின் பக்கங்கள் அப்போது தொடங்கியவைதான்.

இந்த இரு கூட்டத்தாரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, “என் வாடிக்கையாளர்கள்தான் என் தெய்வம், என் ஃபாலோயர்ஸ்தான் என் குடும்பம்” என்று முடித்துவிடுகிறவர்கள் அதிகம். மனதாரச் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே வாக்கியத்தை அடுத்து விருது வாங்கும் பேக்கரிக்காரரும் சொல்வார், தையற்கடைக்காரரும் சொல்வார். கேட்பவர்களில் யாருக்கும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றாது. வேறு சிலர், கடைச் சுவர்களில் காந்தி படத்தோடு தொங்கும் வாசகத்தை எடுத்துப் பேசுவார்கள். வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தினர் என்று போகும் அந்த வாசகத்தைக் காந்தி 1890-ல் தென்னாப்பிரிக்காவில் பேசியதாகப் போட்டிருப்பார்கள். காந்தி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியதே 1893-ல். அந்த வாசகத்தை மேடையில் சொல்லாமல் விடுவதே நல்லது.

நன்றியை நம்பும்படி ஆக்குவது, நன்றிக்குரியவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதுதான். வாடிக்கையாளர் செய்ததும் ஃபாலோயர் செய்ததும் வேறு வேறு. வாடிக்கையாளர் காசு கொடுத்தார், வரிசையில் நின்றார், சரக்கு சரியில்லாதபோது திருப்பிக் கொண்டுவந்தார், அப்படியும் மறுபடி வந்தார். ஃபாலோயர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்க்குக்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், தப்பைச் சுட்டினார்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். அதைச் சொல்லி நன்றி சொன்னால் அவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரும். “நீங்கள் இல்லாவிட்டால் என் கடையே இல்லை” என்று அவர்களிடம் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் வரிசையும் முக்கியம். மண்டபத்தில் இருக்கும் வாடிக்கையாளர்கள் முதலில், போனில் இருப்பவர்கள் அடுத்து.

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஊர்ச் சங்கம் ஒன்று அவருக்குச் சிறந்த சிறுதொழில் முனைவோர் விருது கொடுக்கிறது. அவர் முதலில் எழுதிக்கொள்வது எல்லாரும் எழுதுவது போலத்தான் இருக்கும்: இறைவனுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, இந்த விருதுக்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை, வாடிக்கையாளர்கள் என் தெய்வங்கள், இன்ஸ்டாகிராமில் பதினைந்தாயிரம் சொந்தங்கள்.

இதைத் திருத்த, ஒரு நாள் மாலை கடையடைத்த பிறகு உட்கார்ந்து இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். எந்த வாடிக்கையாளர் சொன்னதால் கடையில் ஒரு வேலைமுறை மாறியது? போனில் வந்த எந்தக் கேள்வி தன்னைப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வைத்தது? ஐந்தாறு வருடம் தொழில் செய்த யாருக்கும் இந்த இரண்டுக்கும் பதில் இருக்கும். இவருக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று கடலெண்ணெயின் மண்டி, மற்றொன்று எள் ஆட்டும்போது போடும் கருப்பட்டி. அவற்றை வைத்து எழுதிய உரை இப்படி வரும்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. விருது குடுத்த சங்கத்துக்கு நன்றிங்க.

கடை ஆரம்பிச்ச புதுசுல ஒரு பெரியவர் ரெண்டு லிட்டர் கடலெண்ணெய் வாங்கிட்டுப் போனாருங்க. மூணாம் நாள் பாட்டிலைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. ‘அம்மிணி, அடியில பாரு, மண்டி நிக்குது. வடைச் சட்டியில ஊத்துனா நுரைச்சுப் பொங்குது’ன்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. ஆட்டுன எண்ணெயை ஒரு நாள்தான் வெயில்ல வெச்சிருந்தேன். அன்னைக்கிருந்து மூணு நாள் வெச்சு, தெளிஞ்ச பொறகுதான் பாட்டில்ல ஊத்தறேன். அவரு வேற கடைக்குப் போயிருக்கலாமுங்க. போகல. திரும்பி வந்து சொன்னாரு. அப்படி வந்து சொன்ன எல்லாருக்கும் இந்த விருதுல பங்கு இருக்குதுங்க.

எங்க செக்கு ஓடறதைப் போன்ல மட்டும் பாக்கறவங்களும் இருக்கறாங்க. அவங்களை நான் நேர்ல பாத்ததில்லைங்க. எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி எதுக்குப் போடறீங்கன்னு அதுல ஒருத்தங்க கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. எங்க அத்தைகிட்டக் கேட்டேன். கருப்பட்டி போட்டாத்தான் புண்ணாக்கு கெட்டிப்பட்டு எண்ணெய் நல்லாப் பிரியும்னு சொன்னாங்க. கேள்வி கேட்டே எனக்கு என் தொழிலைச் சொல்லிக் குடுத்திருக்கறீங்க. எந்த ஊர்ல உக்காந்து பாத்தாலும் உங்களுக்கு நன்றிங்க.

எங்க செக்குல நிக்கற ரெண்டு பேரும் பின்வரிசையில உக்காந்திருக்கறாங்க. கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. நாளைக்கு இந்தக் கேடயம் கடையில இருக்கும். எல்லாரும் வந்து பாருங்க. வணக்கமுங்க.”

நூற்றைம்பது சொல்லுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் இறைவன், பெற்றோர், தகுதி என்ற மூன்றும் இல்லை. அவை இருக்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. இருக்கும் இரண்டு நிமிடத்தில் அவற்றுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வாக்கியமும் பெரியவரிடமிருந்தோ கருப்பட்டியிடமிருந்தோ பிடுங்கப்பட்டதாக இருக்கும், அவ்வளவுதான். தகுதி பற்றிய வாக்கியத்தை மட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். “நான் இதற்குத் தகுதியானவளா தெரியவில்லை” என்றால் தேர்ந்தெடுத்தவர்களின் முடிவை மேடையிலேயே கேள்வி கேட்பதாகிறது. அடக்கம் வேறு வழியில் வந்துவிடுகிறது. எண்ணெய் தெளியவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் திருந்தினேன் என்று ஊரார் முன்னால் சொல்வதைவிட அடக்கமாக என்ன சொல்லிவிட முடியும்?

பதினைந்தாயிரம் என்ற எண்ணையும் காணோம். ஃபாலோயர் எண்ணிக்கை மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றையும் சொல்லாது. அது பெரியதா சிறியதா என்றே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ, அதில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். போனில் பார்க்கிறவர்களுக்கும் தாங்கள் ஒரு எண்ணில் அடங்கியவர்கள் என்று கேட்பதில் மகிழ்ச்சி இல்லை. ஒருவர் கேட்ட கேள்வியைச் சொன்னால், அதே மாதிரி கேள்வி கேட்ட நூறு பேர் தங்களைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். மேடையில் நின்று “லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க” என்று கேட்பதும் இதே காரணத்தால் ஒட்டாது. நன்றி சொல்லும் இடத்தில் இன்னொன்று கேட்டால், சொன்ன நன்றி முன்னுரையாகிவிடும்.

உரை கடையில் பேசும் பேச்சிலேயே இருப்பதையும் கவனியுங்கள். நாள் முழுக்க “வாங்க, போங்க, சொல்லுங்க” என்று பேசுகிறவர் மேடையில் “இவ்விருதினை எனக்கு வழங்கிச் சிறப்பித்த” என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு புரளும். அங்கிருந்து பதற்றம் தொடங்கும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, சொல்ல வராத சொல்லை அங்கேயே மாற்றிவிட வேண்டும்.

பெரியவரின் பெயர் உரையில் இல்லை. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிப் புகழ்வது நல்லதுதானே என்று தோன்றும். ஒருவர் பெயரைச் சொன்னால் அங்கே இருக்கும் மற்ற பத்துப் பேர் தங்கள் பெயர் வருமா என்று காத்திருப்பார்கள். அதோடு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததை ஊரறியச் சொல்வது அவருக்குப் பிடிக்காமலும் போகலாம். செய்த காரியத்தை மட்டும் சொன்னால் அவருக்குத் தெரியும், அது போதும். கடன் வைத்தவர், நோயாளிக்கு வாங்கியவர், வீட்டுச் சண்டையைக் கடையில் சொன்னவர் கதைகள் எவ்வளவு உருக்கமானவையாக இருந்தாலும் மேடைக்கு வரக் கூடாதவை.

எண்ணெய்க் கடைக்காரருக்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. மேடையில் உற்சாகம் வந்ததும் “எங்க எண்ணெய் சாப்பிட்டால் கொழுப்பு குறையும், மாரடைப்பு வராது” என்று சொல்லிவிடத் தோன்றும். உணவுப் பொருளைப் பற்றி ஆதாரமில்லாத, தவறாக வழிநடத்தும் உறுதிமொழிகளை விளம்பரத்தில் சொல்வதை 2018-ன் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. மேடைப் பேச்சை வெட்டிக் கடைப் பக்கத்தில் போட்டதும் அதை விளம்பரம் என்று யாரும் சுட்டிக்காட்டலாம். “மற்றவர்கள் விற்பது கலப்படம்” என்ற வாக்கியமும் அப்படித்தான். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த மண்டபத்திலேயே நான்கு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

நூற்றைம்பது சொல்லையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது ஆபத்தும்கூட, ஒரு சொல் மறந்தால் அடுத்ததும் வராது. வணக்கம், பாட்டில், கருப்பட்டி, செக்கு ஆட்கள், கேடயம் என்று ஐந்து சொற்களை ஒரு சின்னத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் போதும். போனைப் பார்த்துப் படிக்க வேண்டாம். திரை அணையும், நடுவில் அழைப்பு வரும், கண் மேலே நிமிரவே நிமிராது. கேடயம் கனமாக இருக்கும். அதை மேசையில் வைத்துவிட்டுப் பேச வர வேண்டும். பொன்னாடை சரிந்துகொண்டே இருந்தால் எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் ஆளே ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்திருப்பார், நாமும் தட்ட வேண்டியதில்லை. வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடித்தால் சரியாகக் கேட்கும். அழுகை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அது அடங்கும் வரை நிற்கலாம். கூட்டம் காத்திருக்கும்.

நேரம் மிகவும் போய்விட்டால் “சீக்கிரம் முடிங்க” என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் காதில் சொல்வார். முழு உரையையும் வேகமாகப் பேசி முடிக்கப் பார்ப்பதுதான் அப்போது எல்லாரும் செய்வது. கேட்பவருக்கு ஒன்றுமே விளங்காது. அதற்கென்று ஒரு குறுகிய வடிவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது. “எல்லாருக்கும் வணக்கமுங்க. எண்ணெய் நல்லாயில்லைன்னு திரும்ப வந்து சொன்ன வாடிக்கையாளருக்கும், போன்ல கேள்வி கேட்டுக் கேட்டு எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவங்களுக்கும் நன்றிங்க.” பதினைந்து விநாடி. சொல்ல வேண்டிய இரண்டும் அதில் இருக்கின்றன.

ஃபாலோயர்களுக்குச் சொன்ன நன்றி அவர்கள் கேட்க வேண்டுமானால் அது பதிவாக வேண்டும். அவர்களில் ஒருவர்கூட மண்டபத்தில் இல்லாமல் இருக்கலாம். விழாவுக்கு வைத்த கேமராக்காரர் அகலவாக்கில் எடுப்பார், கொடுக்கப் பத்து நாள் ஆக்குவார். ஆகவே வீட்டுப் பிள்ளை ஒருவரை இரண்டாவது வரிசையில், மேடைக்கு நேராக உட்காரவைத்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தம் சிதைந்து பதிவாகும். பேச்சு முழுவதையும் போட வேண்டியதில்லை. மேலே உள்ள உரையில் மூன்றாவது பத்தி “எங்க செக்கு ஓடறதை” என்று தொடங்குவது இதற்காகத்தான். அங்கிருந்து வெட்டினால் முன்னே என்ன பேசினார் என்று தெரியாதவருக்கும் முழுதாக விளங்கும். அரை நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். “அதேபோல” என்றோ “மேலும் அவர்களுக்கும்” என்றோ தொடங்கியிருந்தால் வெட்டவே முடியாது. கருப்பட்டிக் கேள்வியைக் கேட்டவரை மேடையில் பெயர் சொல்லாவிட்டாலும், பதிவின் கீழே அவர் பயன்படுத்தும் பெயரைக் குறிப்பிடலாம். அதற்கு முன்னால் தனிச்செய்தியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

மண்டிக் கதையையும் சேர்த்துப் போட விரும்பினால், பெரியவர் கடைக்கு வரும்போது போனில் அதைக் காட்டிவிட்டுப் போடலாம். அவர் வேண்டாம் என்றால் முதல் பாதியை எடுத்துவிட்டுக் கருப்பட்டியை மட்டும் போட வேண்டியதுதான். அது தனியாகவே நிற்கும்.